லிஃப்ட் பிட்டுக்கும் ஷாஃப்ட் சுவருக்கும் கான்கிரீட் எவ்வளவு? பிளான் அளவிலிருந்து ஒரு கணக்கு

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில் ஆத்தாவால் மாடி ஏற முடியவில்லை. இரண்டாங்கட்டு ஓரமாகச் சின்ன லிஃப்ட் வைக்கப் போகிறோம். கம்பெனி கொடுத்த பிளானில் லிஃப்ட் ஏறி இறங்கும் கூடான ஷாஃப்ட் 1500 × 1600, அதன் அடியில் தரைக்குக் கீழே வரும் குழியான பிட் 1200, கடைசி நிறுத்தத்துக்கு மேலே விட வேண்டிய உயரமான ஓவர்ஹெட் 3900 என்று மில்லிமீட்டரில் இருக்கிறது. கீழ்த்தளத்திலிருந்து மாடித்தளம் 4.20 மீட்டர். இரண்டு நிறுத்தம்தான். இன்ஜினியர் ஷாஃப்ட் சுவர் 150 மி.மீ., பிட் சுவர் 200 மி.மீ. என்று குறித்திருக்கிறார். மேஸ்திரி மொத்தம் 300 கனஅடி கான்கிரீட் போதும் என்கிறார். சரியா? நாமே எப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது?

பதில்:

போதாது. நீங்கள் சொன்ன அளவுகளுக்குக் கம்பி போட்ட கான்கிரீட் மட்டும் 11.2 கனமீட்டர், அதாவது சுமார் 395 கனஅடி வரும். அடியில் போடும் வெறும் கான்கிரீட் இன்னொரு 21 கனஅடி. மேஸ்திரியின் 300 எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரிகிறது. உள் சுற்றளவு 6.2 மீட்டர், அதை 150 மி.மீ. தடிப்பால் பெருக்கி, பிட்டும் ஷாஃப்டும் சேர்ந்த 9.3 மீட்டர் உயரத்தால் பெருக்கினால் 305 கனஅடி. கதவு வழியைக் கழிக்கவில்லை, பிட் சுவருக்குத் தடிப்பு அதிகம் என்பதைப் பார்க்கவில்லை, பிட்டின் அடித்தளமும் ஷாஃப்டை மூடும் மேல் தளமும் கணக்கிலேயே இல்லை. ஊரில் பலரும் இப்படித்தான் போடுகிறார்கள்.

முதலில் அந்த 1500 × 1600 எதன் அளவு என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். லிஃப்ட் பிளானில் ஷாஃப்ட் என்று இருந்தால் பெரும்பாலும் அது உள்ளே சுத்தமாகக் கிடைக்க வேண்டிய இடம். அதாவது பூச்சு பூசினால் பூச்சுக்குப் பிறகு, சுவர் எங்காவது சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வும் போக, மேலிருந்து கீழ் வரை தூக்குநூல் விட்டால் மிஞ்சும் இடம். இதை வெளி அளவு என்று எடுத்துக்கொண்டு கட்டினால் உள்ளே 1200 × 1300 தான் கிடைக்கும், லிஃப்ட் நுழையாது. கீழே இருக்கும் கணக்கு முழுக்க 1500 × 1600 என்பது உள் அளவு என்று வைத்துப் போட்டது. மேஸ்திரி அடிக் கணக்கில் வேலை செய்பவர் என்றால் 4 அடி 11 அங்குலம், 5 அடி 3 அங்குலம் என்று எழுதிக் கொடுங்கள். அவராக 'அஞ்சுக்கு அஞ்சு' என்று சுருக்கிவிட்டால் ஒரு பக்கம் 3 அங்குலம் போய்விடும்.

அடுத்து சுவரின் கிடைப்பரப்பு. வெளிச் செவ்வகத்தின் பரப்பிலிருந்து உள் செவ்வகத்தின் பரப்பைக் கழிப்பதுதான் தவறே வராத வழி. ஷாஃப்டில் சுவர் 150 மி.மீ. என்பதால் வெளியளவு 1.80 × 1.90 = 3.42 சதுரமீட்டர். உள்ளே 1.50 × 1.60 = 2.40. மீதி 1.02 சதுரமீட்டர். ஷாஃப்டை எந்த உயரத்தில் குறுக்கே வெட்டினாலும் இவ்வளவு கான்கிரீட் இருக்கும். உள் சுற்றளவை வைத்துப் பெருக்கினால் 0.93 தான் வரும், ஏனென்றால் நான்கு மூலைச் சதுரங்கள் விட்டுப்போகின்றன. வெளிச் சுற்றளவில் பெருக்கினால் அதே மூலைகள் இரண்டு முறை எண்ணப்பட்டு 1.11 ஆகிவிடும். சுற்றளவில்தான் போடுவேன் என்றால் சுவரின் நடுக்கோட்டில் போடுங்கள். 1.65-ஐயும் 1.75-ஐயும் கூட்டி இரட்டித்தால் 6.8 மீட்டர், அதை 0.15-ஆல் பெருக்கினால் அதே 1.02 வரும். இரண்டு வழியிலும் போட்டு ஒரே எண் வந்தால் நிம்மதி.

பிட் சுவர் 200 மி.மீ. உள்ளளவு அங்கேயும் 1.50 × 1.60 தான். கூடுதலான 50 மி.மீ. வெளிப்பக்கம் மண்ணை நோக்கித்தான் போக வேண்டும். ஆகவே வெளியளவு 1.90 × 2.00 = 3.80, அதில் 2.40 போனால் 1.40 சதுரமீட்டர். தடிப்பு மூன்றில் ஒரு பங்கு கூடினால் கான்கிரீட்டும் மூன்றில் ஒரு பங்குதானே கூடும் என்று தோன்றும். ஆனால் மூலைகளும் சேர்ந்து பெரிதாவதால் 37 சதவீதம் கூடுகிறது. நாளைக்கே இன்ஜினியர் ஷாஃப்ட் சுவரையும் 200 ஆக்கச் சொன்னால் இது நினைவிருக்கட்டும்.

இனி ஆழம். நம் பக்கத்து வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். பிட் 1200 என்பது கீழ்த்தளத்தின் முடிந்த தரையிலிருந்து, அதாவது ஆத்தங்குடிக் கல் பதித்த மட்டத்திலிருந்து, பிட்டின் முடிந்த அடிமட்டம் வரை. பிட்டுக்குள் நீர்த்தடுப்புப் பூச்சும் அதன் மேல் போடும் சாந்துமாக 50 மி.மீ. போகும் என்றால் அடித்தள கான்கிரீட்டின் மேல்மட்டம் தரையிலிருந்து 1.25 மீட்டர் கீழே இருக்க வேண்டும். அடித்தளம் 250 மி.மீ., அதற்குக் கீழ் வெறும் கான்கிரீட் 100 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 1.60 மீட்டர் தோண்ட வேண்டும். இந்த 50-ஐ மறந்துவிட்டால் பிட் 1150 தான் வரும். லிஃப்ட் பொருத்த வருகிறவர் அளந்து பார்த்துவிட்டு வேலையை நிறுத்திவிடுவார். காய்ந்த கான்கிரீட்டை 50 மி.மீ. கொத்தி இறக்குவது என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை.

செட்டிநாட்டு வீடுகளில் இன்னொரு சங்கதி உண்டு. தெருவிலிருந்து படியேறித்தான் முகப்புக்குள் போகிறோம். வளவின் தரை தெரு மட்டத்தைவிட மூன்றடி உயரம் என்று வையுங்கள். அப்படியானால் நீங்கள் தோண்டும் 1.60 மீட்டரில் முதல் 0.90 மீட்டர் கட்டும்போது கொட்டி நிரப்பிய மண். மிச்சம் 0.70 மீட்டர்தான் இயற்கையான நிலம். பார்க்க ஆழமாகத் தோண்டியதுபோல் இருந்தாலும் இன்னும் நிரப்பு மண்ணிலேயே நின்றுகொண்டிருக்கலாம். நிரப்பில் உடைந்த ஓடு, செங்கல் துண்டு, சாம்பல் எல்லாம் வரும். இயற்கை நிலம் வந்ததும் அவை நின்று, செம்மண்ணோ செம்புராங்கல்லோ ஒரே சீராக வரும், கடப்பாரை குத்தினால் உறுதியாக நிற்கும். அது வரும்வரை தோண்டுங்கள். கூடுதலாகத் தோண்டிய ஆழத்தை மண்ணால் நிரப்பாமல் வெறும் கான்கிரீட்டால் நிரப்புங்கள். 200 மி.மீ. கூடினால் 1.2 கனமீட்டர் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது ஒவ்வொன்றாகப் பெருக்கலாம்.

அடித்தளம் பிட் சுவருக்கு வெளியே எல்லாப் பக்கமும் 150 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். அளவு 2.20 × 2.30, தடிப்பு 0.25. வருவது 1.265 கனமீட்டர். அதன் கீழ் வெறும் கான்கிரீட் இன்னும் 100 மி.மீ. வெளியே போகும். 2.40 × 2.50 × 0.10, அது 0.60 கனமீட்டர்.

பிட் சுவர் 1.40 × 1.25 = 1.75 கனமீட்டர்.

ஷாஃப்ட் சுவரின் உயரம் கீழ்த்தளத் தரையிலிருந்து மேல் தளத்தின் அடிப்பாகம் வரை. ஓவர்ஹெட் 3900 என்பது கடைசி நிறுத்தத்தின் தரையிலிருந்து அளக்க வேண்டியது. ஆகவே 4.20 + 3.90 = 8.10 மீட்டர். 1.02-ஆல் பெருக்கினால் 8.262. இதில் இரண்டு கதவு வழிகளைக் கழிக்க வேண்டும். கதவு 700 மி.மீ. என்றாலும் சட்டம் பொருத்தச் சுவரில் விட வேண்டிய வழி அதைவிடப் பெரிது. 0.90 × 2.20 என்று வைத்தேன், உங்கள் பிளானில் என்ன இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வழிக்கு 0.297, இரண்டுக்கு 0.594 போக மீதி 7.668 கனமீட்டர். பட்டன் பெட்டிக்கு விடும் சின்ன ஓட்டைகளைக் கழிக்க வேண்டாம். 0.1 சதுரமீட்டர் வரையுள்ள ஓட்டைகளைக் கழிப்பதில்லை என்பதுதான் அளவை விதி.

மேல் தளம் 1.80 × 1.90 × 0.15 = 0.513 கனமீட்டர்.

கூட்டினால் 11.196, அதுதான் 11.2 கனமீட்டர். கனஅடியாக்க 35.3-ஆல் பெருக்குங்கள். மேஸ்திரியின் 305-க்கும் இந்த 395-க்கும் இடையில் உள்ள 90 எங்கே போனது என்று கேட்டால், அடித்தளம் 45, மேல் தளம் 18, ஷாஃப்டின் மூலைகள் 26, பிட் சுவரின் கூடுதல் தடிப்பும் ஆழமும் 22. அதில் கதவு வழிக்கு 21 கழித்துக்கொள்ளுங்கள். இதை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள், சண்டை வராது.

காகிதத்தில் வராமல் தளத்தில் மட்டும் வரும் ஒரு செலவும் உண்டு. பிட்டின் வெளிப்பக்கம் பலகை அடிக்க இடமில்லை என்று மண்ணையே பலகையாக வைத்து வார்த்துவிடுவார்கள். தோண்டிய குழி சுற்றிலும் 50 மி.மீ. அகலமாகிவிட்டால் போதும், அரை கனமீட்டர் கூடுதலாக விழுங்கிவிடும். நான்கு மூட்டை சிமெண்ட். காசைவிடக் கவலை என்னவென்றால், மண் கட்டி கான்கிரீட்டில் கலந்து அந்தப் பக்கம் சுவர் பொறபொறவென்று ஆகிவிடும், நீர்த்தடுப்புப் பூச்சும் வெளியில் பூச முடியாது. ஒரு ஆள் இறங்கி நின்று வேலை செய்யும் அளவு வெளியே தோண்டிப் பலகை அடிக்கச் சொல்லுங்கள்.

சிமெண்ட் எத்தனை மூட்டை என்பதற்கு எந்தக் கலவை என்று முடிவாக வேண்டும். மண்ணுக்குள் நிற்கும் பிட்டுக்கு எம்25 தரம் வைப்பது நல்லது, மேலேயும் அதையே வைத்துவிடுங்கள், குழப்பமில்லை. தளத்தில் எம்25 என்றால் உடனே 'ஒண்ணுக்கு ஒண்ணு ரெண்டு' என்பார்கள். அதைப் போட்டால் ஒரு கனமீட்டருக்கு 11 மூட்டை, அதாவது 550 கிலோ சிமெண்ட் போகும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, தனிக் கவனமில்லாமல் 450 கிலோவுக்கு மேல் போட வேண்டாம் என்கிறது. சிமெண்ட் கூடினால் பலம் கூடும் என்பது அரைகுறை உண்மைதான். 150 மி.மீ. சுவரில் அது சுருங்கி, மயிரிழை விரிசலாக நெடுக ஓடும். அதே விதியில் எம்20-க்கு மேல் இப்படி விகிதம் சொல்லிப் போடும் கலவைக்கே இடமில்லை. காரைக்குடிப் பக்கத்திலேயே ஒரு பரிசோதனைக் கூடத்தில் உங்கள் எம்-சாண்டையும் ஜல்லியையும் கொடுத்து எடைக் கணக்கில் கலவை வாங்கிவிடுங்கள். ரெடிமிக்ஸ் லாரி ஆறு கனமீட்டர் ஏற்றும். உங்களுக்கோ ஒரு நாளைக்கு ஒன்றேகால் கனமீட்டர்தான் தேவை, கட்டுப்படியாகாது.

வாங்குவதற்கு ஒரு கனமீட்டருக்கு 8 மூட்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள், கூடம் கொடுக்கும் கலவை அதற்குப் பக்கத்தில்தான் வரும். 11.2 கனமீட்டருக்கு 90 மூட்டை. சிந்துவதற்கும் வெறும் கான்கிரீட்டுக்கும் சேர்த்து 96. எம்-சாண்ட் இரண்டு யூனிட், முக்கால் அங்குல ஜல்லி மூன்றரை யூனிட். அடியில் போடும் ஒன்றரை அங்குல ஜல்லி கால் யூனிட் போதும். சிமெண்ட்டை மட்டும் ஒரேயடியாக இறக்காதீர்கள். வேலை பல வாரம் இழுக்கும், கட்டிதட்டிப்போகும்.

கணக்கின் உண்மையான பயன் வார்க்கும் நாளில்தான் தெரியும். கான்கிரீட்டை ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கொட்டக் கூடாது. கொட்டினால் ஜல்லி தனியாகவும் சிமெண்ட் பால் தனியாகவும் பிரிந்துவிடும். அதனால் ஷாஃப்டை 1.20 மீட்டர் உயரமாக, ஏழு தடவையில் வார்ப்பார்கள். கதவு வழி இல்லாத ஒரு தடவைக்கு 1.02 × 1.20, அதாவது 1.22 கனமீட்டர். ஒரு மூட்டைக் கலவை எட்டில் ஒரு கனமீட்டர் என்பதால் பத்து மூட்டை. கதவு வழி இருக்கும் தடவைக்கு எட்டரை மூட்டை. பிட்டின் அடித்தளத்தோடு 150 மி.மீ. சுவரையும் சேர்த்து வார்க்கும் நாளில் பன்னிரண்டு மூட்டை, மீதிப் பிட் சுவருக்கும் ஏறக்குறைய பன்னிரண்டு. இந்த எண்களைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

பத்து மூட்டை போக வேண்டிய இடத்தில் பதினொன்று போனால், சுவர் சுற்றிலும் சராசரியாக 15 மி.மீ. தடித்துவிட்டது என்று பொருள். பலகை எங்கோ வீங்கியிருக்கிறது. வெளியே வீங்கினால் சிமெண்ட் நட்டம், அவ்வளவுதான். உள்ளே வீங்கினால் 1500 இனி 1500 இல்லை. மறுநாள் பலகை பிரித்ததும் தூக்குநூல் விட்டுப் பாருங்கள். பொதுவாக இவ்வளவு உயரத்துக்கு 25 மி.மீ. வரை வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் பொருத்துகிறவர்கள் சமாளித்துக்கொள்வார்கள், உள்பக்கம் ஒரு மில்லிமீட்டரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மாறாக ஒன்பது மூட்டையிலேயே பலகை நிரம்பிவிட்டதா? கம்பிக்குப் பின்னால் கான்கிரீட் இறங்காமல் பொந்து விழுந்திருக்கலாம், பலகை உள்ளே நெருங்கியிருக்கலாம், தண்ணீரை அள்ளி ஊற்றிக் கலவையைப் பெருக்கியிருக்கலாம். மூட்டைக்கு 22, 23 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம், மணலில் இருக்கும் ஈரமும் அதில் அடக்கம். குறுகிய சுவரில் இறங்கவில்லை என்றால் பிளாஸ்டிசைசர் ஊற்றி, ஊசி வைப்ரேட்டர் போட வேண்டுமே தவிர, வாளியைத் தூக்கக் கூடாது.

அடித்தளத்தோடு 150 மி.மீ. சுவரையும் சேர்த்து வார்க்கச் சொன்னதற்குக் காரணம் தண்ணீர். நம் ஊர்களில் கிணற்று நீர் ஆழத்தில்தான் இருக்கிறது, பிட்டில் எங்கே தண்ணீர் வரும் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால் தெரியும். பழைய வீடுகளில் முற்றத்திலிருந்து தரைக்கடியில் கல் வாய்க்கால் ஓடும். அது லேசாகக் கசிந்தாலும் நிரப்பு மண் முழுக்க ஊறிவிடும். பிட் அந்த ஊறிய மண்ணுக்குள் நிற்கிறது. பழைய வார்ப்பும் புது வார்ப்பும் சேரும் இணைப்புதான் தண்ணீர் நுழையும் வாசல். அதை மூலையில் வைக்காமல் 150 மி.மீ. மேலே தூக்கிவிட்டால், சுத்தம் செய்து வீங்கும் பட்டை ஒட்டி வார்க்க வசதியாக இருக்கும். தோண்டும்போதே அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று ஒரு வாளி தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பிட் வழியில் வந்தால் முதலில் வாய்க்காலைத் திருப்பிவிட்டுத்தான் மற்ற வேலை.

இரண்டாங்கட்டு ஓரம் என்றீர்கள். பக்கத்துச் சுவர் சுண்ணாம்பில் கட்டிய பாரம் தாங்கும் சுவர். அதன் கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று ஒரு சின்னக் குழி போட்டுப் பார்க்காமல் பிட் தோண்டக் கூடாது. உங்கள் 1.60 மீட்டர் கடைக்காலின் அடியைவிட எவ்வளவு கீழே போகிறதோ, குறைந்தது அதில் இரண்டு மடங்கு தூரமாவது சுவரைவிட்டு விலகியிருக்க வேண்டும். இடமில்லையென்றால் இன்ஜினியர் பார்த்துத் தாங்கு கொடுத்து, பகுதி பகுதியாகத் தோண்டச் சொல்வார். புது ஷாஃப்டைப் பழைய சுவரோடு ஒட்டி வார்க்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு அளவில் இறங்கும். நடுவில் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி விட்டுத் தெர்மோகோல் வைத்து வார்த்தால், அந்தச் செட்டிநாட்டுப் பூச்சில் விரிசல் விழாது. இந்த இடைவெளியும் வெளியளவான 1.80 × 1.90-உம் சேர்ந்து உங்கள் ஓரத்தில் அடங்குகிறதா என்று, தோண்ட ஆரம்பிக்கும் முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்துவிடுங்கள். பிட்டுக்கு அதே இடத்தில் 2.40 × 2.50 வேண்டும், பலகை அடிக்கும் இடம் தனி.